வீட்டு நீர்ப் பயன்பாட்டு மனப்பாங்கை அளக்கும் வினாநிரல்: மேகமலை, கம்பம் பள்ளத்தாக்குப் பகுதிகளை முன்வைத்து ஒரு முறையியல் விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

முனைவர் பட்டப் பாடநெறியின் ஒரு பகுதியாகச் செய்யப்படும் சிறு களஆய்வுகளில் 'நீர்ச் சிக்கனம் குறித்த மனப்பாங்கு' அடிக்கடி எடுத்துக்கொள்ளப்படும் தலைப்பாகும். அவ்வாய்வுகளின் வினாநிரல்கள் பல நேரங்களில் மனப்பாங்கை அளப்பதில்லை. வீட்டுக்கு எவ்வளவு நீர் வருகிறது என்பதையும், விடையளிப்போர் எவ்வளவு இணக்கமாகப் பேசுகின்றனர் என்பதையுமே அவை அளந்துவிடுகின்றன. தேனி மாவட்டத்தின் மேகமலை, கம்பம் பள்ளத்தாக்கு, மூல வைகைக் கரை ஆகிய மூன்று நிலப்பகுதிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்விரு கலப்புகளையும் வினா அமைப்பிலேயே எவ்வாறு குறைக்கலாம், விடைகளைப் பகுத்தாயும்போது எவ்வாறு கண்டறியலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கட்டுரையில் கணக்கிட்டுக் காட்டப்படும் விடைகள் முறையை விளக்குவதற்காக அமைத்துக்கொண்டவை. களத்தில் திரட்டப்பட்டவை அல்ல.

திறவுச்சொற்கள்: வினாநிரல், மனப்பாங்கு, எதிர்நிலைக் கூற்று, குரோன்பாக் ஆல்பா, கம்பம் பள்ளத்தாக்கு, மேகமலை

முன்னுரை

தேனி மாவட்டத்தின் தென்பகுதியில் ஒரு நாள் பயணத்திற்குள் மூன்று வேறுபட்ட நீர்நிலைமைகளைக் காண இயலும். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகத் தமிழ்நாட்டுப் பகுதிக்குத் திரும்பி, லோயர் கேம்ப்பில் இறங்கிக் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகப் பாய்கிறது. இரு போக நெல் விளையும் பகுதி இது. சின்னமனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் ஹைவேவிஸ், மணலாறு, இரவங்கலாறு முதலிய தேயிலைத் தோட்டக் குடியிருப்புகள் வரும். அங்கே நீர்த்தேக்கங்கள் கண்ணெதிரே விரிந்து கிடக்கின்றன. ஆனால் தோட்டத்து வரிசை வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் நிரம்பும் என்பதை நீர்த்தேக்கம் தீர்மானிப்பதில்லை. குழாயும் அதைத் திறந்துவிடுபவரும் தீர்மானிக்கின்றனர். அதே மலைத்தொடரின் மறுபக்கத்தில் வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு ஊர்கள் மூல வைகையை ஒட்டியுள்ளன. மழைக்காலத்தில் பெருகும் அவ்வாறு கோடையில் மணலாகக் கிடக்கும்.

இம்மூன்று இடங்களிலும் 'எங்கள் வீட்டில் நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறோம்' என்ற கூற்றைப் படித்துக் காட்டி, ஐந்து நிலைகளில் விடை பெறுவதாகக் கொள்வோம். கடமலைக்குண்டில் இருப்பவர் 'முழுமையாக உடன்படுகிறேன்' என்பார். அவர் வேறு என்ன சொல்ல இயலும்? உத்தமபாளையத்தில் இருப்பவரும் பெரும்பாலும் அவ்வாறே சொல்வார். நீரை வீணாக்குவதாக ஒரு விருந்தாளியிடம் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. முதலாமவர் விடையில் பற்றாக்குறை பேசுகிறது, இரண்டாமவர் விடையில் நாகரிகம் பேசுகிறது. இரண்டுக்கும் மதிப்பெண் 5. இவற்றைக் கூட்டிச் சராசரி கண்டு, 'இப்பகுதி மக்களிடம் நீர்ச் சிக்கன மனப்பாங்கு உயர்வாக உள்ளது' என எழுதினால் அவ்வாக்கியத்திற்குப் பொருள் ஏதும் இல்லை. மோசமான நிலை ஒன்றும் உண்டு. நீர் குறைந்த ஊரைச் 'சிக்கனமான ஊர்' என்றும் நீர் மிகுந்த ஊரை 'விழிப்புணர்வற்ற ஊர்' என்றும் அவ்வறிக்கை வகைப்படுத்தினால், முதல் ஊருக்குக் குழாய் தேவை என்பது மறைந்து, இரண்டாம் ஊருக்கு விழிப்புணர்வு முகாம் தேவை என்பது மட்டுமே எஞ்சும்.

வரத்து, அளவு, மனப்பாங்கு

எனவே வினாநிரலை மூன்று தனிப் பகுதிகளாக அமைப்பது முதற்பணி. வீட்டுக்கு நீர் எவ்வாறு, எவ்வளவு நேரம் வருகிறது என்பது வரத்து. நேற்று வீட்டில் எவ்வளவு செலவாயிற்று என்பது அளவு. நீர் குறித்து வீட்டார் எதைச் சரியென்று கருதுகின்றனர் என்பது மனப்பாங்கு. மூன்றாம் பகுதி மட்டுமே ஆய்வின் தலைப்பு என்றாலும், முதல் இரண்டும் இல்லாமல் அதனைப் படிக்க இயலாது.

வரத்தைக் கேட்பதற்கு முன்மாதிரிகள் உள்ளன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலில் குடிநீர் கிடைக்குமிடம் வளாகத்திற்குள், அருகில், தொலைவில் என மூன்றாகப் பகுக்கப்பட்டது. ஊரகப் பகுதியில் 500 மீட்டருக்கு உட்பட்டது 'அருகில்' எனக் கொள்ளப்பட்டது. சமவெளிக்கு இவ்வளவு போதும். மலைச்சரிவில் 500 மீட்டர் என்பது நிறைகுடத்துடன் ஏறும் 500 மீட்டர். சமவெளியின் 500 மீட்டரோடு அதனை ஒரே கட்டத்தில் இடக்கூடாது. உலக நலவாழ்வு நிறுவனமும் யுனிசெப்பும் இணைந்து நடத்தும் கண்காணிப்புத் திட்டம் தொலைவைக் கேட்காமல், போய், வரிசையில் நின்று, திரும்பி வர ஆகும் நேரத்தைக் கேட்கிறது. 30 நிமிடத்தை எல்லையாகக் கொள்கிறது. மேகமலைக்கு இதுவே பொருந்தும்.

அளவை லிட்டரில் கேட்பது பயன் தராது. 'ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்?' என்றால் விடையாக ஓர் எண் கிடைக்கும். அது ஊகமாக இருக்கும். 'நேற்றுக் காலையிலிருந்து இரவு வரை எத்தனை குடம் பிடித்தீர்கள்?' என்றால் நீர் பிடித்தவர் விரல்விட்டு எண்ணிச் சொல்வார். குடத்தின் கொள்ளளவு வீட்டுக்கு வீடு மாறும் என்பதால், ஒரு லிட்டர் புட்டியால் அவ்வீட்டுக் குடத்தை ஒரு முறை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக் குழாய் உள்ள இடத்தில் வாளியும் கைக்கடிகாரமும் போதும்: 15 லிட்டர் வாளி 50 நொடியில் நிரம்பினால் நிமிடத்திற்கு 18 லிட்டர், குழாய் திறந்திருந்த நிமிடங்களால் அதனைப் பெருக்கலாம். 2019இல் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம் ஊரக வீடுகளுக்கு வகுத்துள்ள அளவு நபருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நால்வர் கொண்ட வீட்டுக்கு அது 220 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் ஏறத்தாழப் பதினைந்து குடம். களத்தில் கிடைக்கும் எண்ணை இதனோடு உடனுக்குடன் ஒப்பிட்டுப் பார்த்தால், இரண்டு குடம் என்றோ ஐம்பது குடம் என்றோ எழுதப்பட்ட பிழைகள் அங்கேயே கண்ணில் படும்.

இங்கு யாரிடம் கேட்கிறோம் என்பதும் உண்டு. 'குடும்பத் தலைவர்' என்று கேட்டால் முன்வருபவர் நீர் பிடிப்பவராக இருப்பது அரிது. முதல் வினாவாக 'நேற்று நீர் பிடித்தவர் யார்?' என்று கேட்டு, எஞ்சியவற்றை அவரிடமே கேட்பது நல்லது. தோட்டக் குடியிருப்புகளில் நிருவாகத்தின் இசைவு பெற்றே நுழைய இயலும். ஆனால் மேற்பார்வையாளர் உடன் நிற்கும்போது 'குழாய் எத்தனை மணிக்குத் திறக்கப்படுகிறது?' என்பது வெறும் தகவல் வினாவாக இருக்காது.

கூற்றுகளின் மொழி

மனப்பாங்கு பற்றிய கூற்றுகளை ஆங்கில நூல்களிலிருந்து பெயர்த்து எடுத்துக்கொள்வதே வழக்கமாக உள்ளது. தமிழில் அவை எங்கே வழுக்குகின்றன என்பது போதிய கவனம் பெறவில்லை. மூன்று இடங்களைச் சுட்டலாம்.

முதலாவது, எதிர்மறை. 'நாங்கள் நீரை வீணாக்குவதில்லை' என்று படித்துவிட்டு 'சரியா?' என்று கேட்டால், 'ஆமாங்க' என்றாலும் 'இல்லைங்க' என்றாலும் தமிழில் ஒரே பொருள் வரக்கூடும். ஆமாம், வீணாக்குவதில்லை, இல்லை, வீணாக்குவதில்லை. கேட்பவர் இரண்டாவதை 'உடன்படவில்லை' எனக் குறித்தால் விடை தலைகீழாகிவிடும். தாளில் பதிந்த பின் இப்பிழையைத் திருத்த வழியே இல்லை. ஆகவே எந்தக் கூற்றும் எதிர்மறை வினையில் முடியக்கூடாது. எதிர்நிலைக் கருத்து வேண்டுமெனில் அதனையும் உடன்பாட்டு வாக்கியமாகவே அமைக்க வேண்டும்.

இரண்டாவது, 'நாம்', 'நாங்கள்' வேறுபாடு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் மொழிபெயர்ப்பில் எது வருகிறதோ அது நின்றுவிடுகிறது. 'நாம் நீரைச் சேமிக்க வேண்டும்' என்பதில் கேட்பவர், நாடு, உலகம் அனைத்தும் அடங்கும். அதற்கு உடன்படுவதில் விடையளிப்பவருக்கு எச்செலவும் இல்லை. 'நாங்கள்', 'எங்கள் வீட்டில்' என்றவுடன் கேட்பவர் வெளியே நிறுத்தப்படுகிறார். வீட்டார் தம் வீட்டைப் பற்றிச் சிந்திக்கின்றனர். சுவரொட்டிக்கு 'நாம்' பொருந்தும். வினாநிரலுக்கு 'நாங்கள்' வேண்டும்.

மூன்றாவது, 'நீர்' என்ற பொதுச்சொல். வீட்டில் 'நல்ல தண்ணீர்' வேறு, 'புழங்கும் தண்ணீர்' வேறு. நல்ல தண்ணீரைத் துளியும் சிந்தாத வீடு ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை வாசல் முழுவதும் தெளிக்கலாம். அதில் முரண்பாடு ஏதும் இல்லை. எந்த நீர் என்று ஒவ்வொரு கூற்றிலும் சொல்லப்பட வேண்டும்.

இவற்றைக் கருத்திற்கொண்டு, புழங்கும் தண்ணீர் பற்றி அமைத்த நான்கு கூற்றுகள் வருமாறு: 'பாத்திரம் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது எங்கள் வீட்டுக்குப் பயனுள்ள வேலை' (முதற்கூற்று), 'குழாய் வரும் நேரம் கூடினாலும் எங்கள் வீட்டுக்கு இப்போது பிடிக்கும் அளவே போதும்' (இரண்டாம் கூற்று), 'தண்ணீர் தாராளமாக வரும் நாளில் அளவு பார்ப்பது வீண் வேலை' (மூன்றாம் கூற்று), 'கடைசி வீட்டுக்கும் தண்ணீர் எட்டுவதற்காக எங்கள் குழாயை முன்னதாக அடைப்பது நியாயம்' (நான்காம் கூற்று). மூன்றாவது எதிர்நிலைக் கூற்று. சிக்கனத்தை மதிப்பவர் அதற்கு உடன்படமாட்டார். விடை நிலைகளும் பேச்சுக்கு அருகில் இருக்க வேண்டும்: ரொம்பச் சரி, சரி, நடுவில், சரியில்லை, கொஞ்சமும் சரியில்லை. 'தெரியாது' என்பதை நடுநிலையில் சேர்க்காமல் தனியே 9 எனக் குறிப்பதும், சராசரி காணும் முன் அந்த 9களை நீக்குவதும் தேவை.

வினாக்கள் ஒரு காலப்பகுதியைச் சுட்டுமிடத்தில் அதனையும் ஊர் வழக்கிற்கு மாற்ற வேண்டியிருக்கும். 2019இல் வெளியான வீட்டு நீர்ப் பாதுகாப்பின்மை அனுபவ அளவுகோல் பன்னிரண்டு வினாக்களிலும் 'கடந்த நான்கு வாரங்களில் எத்தனை முறை' என்றே கேட்கிறது. ஒவ்வொரு விடைக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் தந்து, கூட்டுத்தொகை 12 அல்லது அதற்கு மேலானால் நீர்ப் பாதுகாப்பின்மை எனக் கொள்கிறது. நான்கு வாரம் என்பது நினைவில் தெளிவாக நிற்பதில்லை. வாரச்சந்தை கூடும் ஊரில் 'நான்கு சந்தைக்கு முன்பிருந்து' என்றால் நிற்கும். இவ்வளவுகோல் மனப்பாங்கைக் கேட்பதே இல்லை, நிகழ்ந்ததை மட்டும் கேட்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. வரத்துப் பகுதியோடு இதனைச் சேர்த்துக்கொண்டால் பற்றாக்குறையைத் தனியே அளந்துவிடலாம்.

ஒருமைப்பாட்டுச் சோதனை

நான்கு கூற்றுகளும் ஒரே மனப்பாங்கைத்தான் தொடுகின்றனவா என்பதைக் குரோன்பாக் 1951இல் முன்வைத்த ஆல்பா கெழுவால் சோதிப்பது வழக்கம். k என்பது கூற்றுகளின் எண்ணிக்கை எனில்,

α = k/(k−1) × (1 − கூற்றுகளின் விலக்க வர்க்கங்களின் கூட்டல் ÷ மொத்த மதிப்பெண்ணின் விலக்க வர்க்கம்)

ஆறு பேரின் விடைகளைக் கொண்டு கையால் கணக்கிடுவோம். ஆறு என்பது முறையைக் காட்டுவதற்கு மட்டுமே போதும். நான்கு கூற்றுகளுக்கும் வரிசையாக அவர்கள் அளித்த மதிப்பெண்கள்: முதலாமவர் 5, 4, 1, 5, இரண்டாமவர் 4, 4, 2, 4, மூன்றாமவர் 2, 3, 4, 1, நான்காமவர் 5, 5, 5, 5, ஐந்தாமவர் 3, 2, 4, 3, ஆறாமவர் 4, 3, 2, 4.

மூன்றாம் கூற்றைத் திருப்பாமல் அப்படியே கணக்கிட்டால், நான்கு விலக்க வர்க்கங்களின் கூட்டல் 7.13, மொத்த மதிப்பெண்ணின் விலக்க வர்க்கம் 11.6, ஆல்பா 0.51. 'சற்றுக் குறைவுதான், எனினும் சிறு ஆய்வு என்பதால் ஏற்கலாம்' என்று எழுதத் தூண்டும் எண் இது. மூன்றாம் கூற்றின் மதிப்பெண்ணை 6இலிருந்து கழித்துத் திருப்பினால் கூட்டல் மாறுவதில்லை. மொத்தத்தின் விலக்க வர்க்கம் 17.2 ஆகிறது, ஆல்பா 0.78. ஆர் நிரலில் இதற்கு நான்கு வரிகள் போதும்:

```r
d$A3r <- 6 - d$A3
x <- d[, c("A1", "A2", "A3r", "A4")]
k <- ncol(x)
k/(k-1) * (1 - sum(apply(x, 2, var)) / var(rowSums(x)))
```

திருப்பிய மதிப்பெண்ணுக்கு `A3r` எனப் புதுப்பெயர் இடுவதற்குக் காரணம் உண்டு. பழைய பெயரிலேயே எழுதினால் அவ்வரியை இரண்டாம் முறை இயக்கும்போது மதிப்பெண் மீண்டும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். திரையில் எந்த எச்சரிக்கையும் தோன்றாது.

பெரும்பாலான அறிக்கைகள் 0.78 என்று எழுதி இங்கேயே நின்றுவிடும். ஆனால் நான்காமவரின் விடைகளைப் பார்க்க வேண்டும். 'அளவு பார்ப்பது வீண் வேலை' என்பதற்கும் 'முன்னதாக அடைப்பது நியாயம்' என்பதற்கும் அவர் ஒரே வலுவுடன் உடன்பட்டுள்ளார். எல்லாவற்றுக்கும் ஆமாம் போடும் விடை இது. அவரை நீக்கிவிட்டு ஐவருக்கும் மீண்டும் கணக்கிட்டால், திருப்பிய நிலையில் ஆல்பா 0.93, திருப்பாத நிலையில் −0.86. எதிர்க்குறி வருவது, ஏதோ ஒரு கூற்று எதிர்த்திசையில் நிற்கிறது என்பதற்குத் தெளிவான அடையாளம். ஒரே ஒருவரின் 'ஆமாம்' அந்த அடையாளத்தை அழித்து, −0.86 வரவேண்டிய இடத்தில் 0.51 என்ற நாகரிகமான எண்ணை வைத்துவிட்டது. திருப்ப மறந்த பிழை அவரால் மறைந்தது; திருப்பிய பின் கூற்றுகளின் ஒருமைப்பாடும் அவராலேயே குறைந்து தோன்றியது.

எதிர்நிலைக் கூற்றே இல்லாத வினாநிரலில் இத்தகைய விடையைக் கண்டறியவே இயலாது; அங்கே அவர் சிக்கனத்தில் முதலிடம் பெற்றிருப்பார். எனவே ஆல்பாவைக் காணும் முன், நேர்நிலை, எதிர்நிலைக் கூற்றுகள் இரண்டுக்கும் 4 அல்லது 5 இட்டவர்களைத் தனியே எண்ண வேண்டும். அவர்களை ஓசையின்றி நீக்கிவிடுவதும் முறையன்று. அவர்கள் யார் என்பதே ஒரு தகவல். அத்தகையோர் ஒரே கேட்பாளரின் தாள்களில் குவிந்திருந்தால் கூற்றுகள் படிக்கப்பட்ட விதத்தில் கோளாறு இருக்கலாம். தோட்டக் குடியிருப்பில் மட்டும் குவிந்திருந்தால் அச்சம் காரணமாக இருக்கலாம். அவர்களைச் சேர்த்தும் நீக்கியும் இரு ஆல்பாக்களையும் அறிக்கையில் தருவதே நேர்மையான வழி.

மனப்பாங்கா, வரத்தா?

இனி முன்னுரையில் எழுப்பிய சிக்கலுக்கு வருவோம். பாடநெறி ஆய்வுக்கு 60 வீடுகள் எடுக்கப்பட்டதாகவும், மனப்பாங்கு மதிப்பெண்ணின் நடுமதிப்பைக் கொண்டு அவை உயர்வு 30, தாழ்வு 30 எனப் பகுக்கப்பட்டதாகவும் கொள்வோம். நபருக்கு 55 லிட்டருக்குக் கீழ்ப் பயன்படுத்தும் வீடுகள் உயர் மனப்பாங்குப் பிரிவில் 18, தாழ் மனப்பாங்குப் பிரிவில் 12 என்று வைத்துக்கொள்வோம். 60 விழுக்காடு, 40 விழுக்காடு. 'மனப்பாங்கு உயர்ந்தால் பயன்பாடு குறைகிறது' என்ற முடிவுக்கு இந்த அட்டவணை இட்டுச்செல்லும்.

இப்போது அதே 60 வீடுகளை வரத்தைக் கொண்டு பிரிப்போம். நாள்தோறும் நீர் வரும் 30 வீடுகளில் உயர் மனப்பாங்கு உடையவை 10; அவற்றுள் குறைவாகப் பயன்படுத்துபவை 2. தாழ் மனப்பாங்கு உடையவை 20. அவற்றுள் குறைவாகப் பயன்படுத்துபவை 4. இரண்டிலும் 20 விழுக்காடு. நீர் அரிதாக வரும் 30 வீடுகளில் உயர் மனப்பாங்கு 20, அவற்றுள் குறைவான பயன்பாடு 16. தாழ் மனப்பாங்கு 10, அவற்றுள் 8. இரண்டிலும் 80 விழுக்காடு. வரத்து ஒத்த வீடுகளுக்குள் மனப்பாங்கால் எந்த வேறுபாடும் இல்லை. நீர் குறைந்த ஊரில் மனப்பாங்கு மதிப்பெண்ணும் உயர்ந்திருந்தது, பயன்பாடும் தாழ்ந்திருந்தது. இரண்டையும் ஒரே அட்டவணையில் இட்டதால் ஒன்று மற்றொன்றின் காரணம் போலத் தோன்றியது.

களத்தில் எண்கள் இவ்வளவு துல்லியமாக அமையா. ஆயினும் சோதனை இதுதான்: ஒட்டுமொத்த அட்டவணையில் தெரியும் தொடர்பு, வரத்துவாரியாகப் பிரித்த பின்னும் நிற்கிறதா? நின்றால் மனப்பாங்கு குறித்துப் பேசலாம். மறைந்தால் அந்த ஆய்வு கண்டறிந்தது வரத்தைப் பற்றியதே. அதனை அவ்வாறே எழுதலாம், அதுவும் ஒரு முடிவுதான். வரத்துப் பகுதியை வினாநிரலில் சேர்க்காதவருக்கு இச்சோதனை வாய்க்காது. களத்திற்குத் திரும்பிச் சென்றாலும் அன்றைய வரத்தை மீட்டறிய இயலாது. கம்பம் பள்ளத்தாக்கில் முதற்போகத்திற்காக ஜூன் மாதத்தில் நீர் திறப்பது வழக்கம்; மே மாதத்தில் ஒரு பகுதியையும் ஜூலையில் மற்றொரு பகுதியையும் கேட்டுவிட்டு இரண்டையும் ஒப்பிட்டால் பருவமும் இக்கலப்பில் சேர்ந்துகொள்ளும். மூன்று நிலப்பகுதிகளையும் ஒரே இரு வாரங்களுக்குள் முடிக்க இயலாவிடில், மூன்றுக்குப் பதில் இரண்டை எடுப்பது மேல்.

கடைசியாக அளவு பற்றி. நிலப்பகுதிக்கு 20 வீடு என்ற பகுப்பில் ஒரு வீட்டின் விடை மாறினால் விழுக்காடு ஐந்து மாறுகிறது. மொத்தம் 60 வீடுகளில் 50 விழுக்காடு எனக் கிடைக்கும் ஒரு மதிப்பு, எளிய வாய்ப்பு மாதிரி என்று கொண்டாலும், 95 விழுக்காட்டு நம்பக எல்லையில் ஏறத்தாழ 37க்கும் 63க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். இந்நிலையில் அட்டவணையில் '61.67%' எனத் தசமப் புள்ளிக்குப் பின் இரு இலக்கம் இடுவதைவிட, '60இல் 37 வீடுகள்' என்று எண்ணிக்கையையே எழுதுவது படிப்பவருக்கு அதிகம் சொல்லும்.